இருக்கை வரிசைப் புதிர்

ஒரே அமைப்பை வைத்துப் பல வினாக்கள் கேட்கும் தர்க்கப் புதிர் வகை. இந்திய வங்கித் தேர்வுகளின் பகுத்தறிதல் பகுதியில், ஒரு குறிப்புத் தொகுப்பின் கீழ் பெரும்பாலும் ஐந்து வினாக்கள் வரும். அமைப்பில் ஒருவர் இடம் மாறினாலும் பல விடைகள் சேர்ந்தே தவறிவிடும்.

வட்ட மேசையைச் சுற்றி ஆறு பேர் மையம் நோக்கி அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அமுதாவுக்கு நேரெதிரே தேவி. அமுதாவின் வலப்பக்கம் அடுத்து பாலு. கோபி அமுதாவை ஒட்டி இருக்கிறார். செல்வி பாலுவை ஒட்டி இல்லை. ஆறாமவர் எழில்.

அமுதாவை எந்த இடத்திலும் வைக்கலாம். வட்டத்துக்குத் தொடக்கம் கிடையாது. மையம் நோக்குவோருக்கு வலப்பக்கம் என்பது, மேலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசை. பாலு அங்கே அமர, கோபிக்கு அமுதாவின் இடப்பக்கமே மிஞ்சும். தேவியின் இருபுறமும் செல்வியும் எழிலும். யார் எங்கே என்பதில் இரு வாய்ப்புகள். கடைசிக் குறிப்பே செல்வியைக் கோபியின் பக்கம் தள்ளி முடிவுகட்டுகிறது. 'இல்லை' என்ற குறிப்பை மறப்பவர் இங்கேதான் இடறுவார்.

பாலுவுக்கு எதிரே யார்? செல்வி. தேவிக்கு இடப்பக்கம்? எழில். அமுதாவின் இருபுறமும் யார் என்ற வினாவுக்கு இரு வாய்ப்பிலும் விடை ஒன்றே. அதனால் அது சரியாக வந்தாலும் படம் சரியென்று சொல்ல முடியாது.

இவ்வகைப் புதிரைக் குழுப் புகைப்படமாகத் தரும்போது, நம்மை நோக்கி இருப்பவரின் வலக்கை படத்தின் இடப்புறம் விழும். தரவரிசையில், இடமிருந்தும் வலமிருந்தும் ஒருவருக்குள்ள எண்களைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் மொத்த எண்ணிக்கை கிடைக்கும். அவர் இருமுறை எண்ணப்பட்டிருக்கிறார்.