விலைக்கும் நகரும் சராசரிக்கும் இடையிலான விலக்கம்: நாஸ்டாக் குறியீடு, 1999–2000

பங்கு விலை அல்லது பங்குக் குறியீடு தன் நகரும் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதைச் சதவீதமாகக் கணக்கிட்டு, அது சராசரிக்குத் திரும்ப எவ்வளவு வாய்ப்புள்ளது என்று மதிப்பிடுவது சந்தைக் கணிப்பில் பழைய முறைகளுள் ஒன்று. கணக்கு எளியது. விலையிலிருந்து சராசரியைக் கழித்து, மீதியைச் சராசரியால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவர் போட்டுவிடுவார். கிடைத்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

"சராசரிக்குத் திரும்புதல்" என்ற கருத்து சந்தையில் பிறந்ததன்று. பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கி நெருங்கி வருவதைக் காட்டினார். அவர் அளந்த மனித உயரத்தின் சராசரி ஓரிடத்தில் நிலையாக நின்றது. பங்கு விலையின் சராசரியோ விலையைப் பின்தொடர்ந்து தானும் நகர்கிறது. இந்த வேறுபாட்டை மறந்தவர்களே பெரும்பாலும் பணத்தை இழந்தார்கள்.

அமெரிக்கச் சந்தையில் 200 நாள் சராசரியைப் பரவலாக்கியவர்களில் ஜோசப் கிரான்வில் முக்கியமானவர். 1960-இல் வெளியான தம் நூலில் அவர் எட்டு விதிகளைத் தந்தார். உயரும் சராசரிக்கு மிக மேலே விலை ஓடிவிட்டால் குறுகிய காலச் சரிவை எதிர்பார்க்கலாம், மிகக் கீழே போய்விட்டால் மீட்சியை எதிர்பார்க்கலாம் என்ற இரண்டும் அவற்றில் அடங்கும். "மிக" என்றால் எவ்வளவு? 1980-களில் ஜான் பொலிஞ்சர் இதற்குத் திட்ட விலக்கத்தை அளவுகோலாக்கினார். 20 நாள் சராசரிக்கு இருபுறமும் இரண்டு திட்ட விலக்கத் தொலைவில் கோடு வரைவது அவர் முறை. இதனால், அமைதியான பங்கின் 10 சதவீத விலகலும் துள்ளும் பங்கின் 10 சதவீத விலகலும் ஒன்றல்ல என்பது படத்திலேயே தெரிந்தது.

இந்த அளவுகோலின் பலத்தையும் பலவீனத்தையும் சேர்த்துக் காட்டும் நிகழ்வு, அமெரிக்காவின் நாஸ்டாக் கூட்டுக் குறியீடு 1999-இன் இறுதியில் ஏறியதும் அடுத்த ஆண்டில் விழுந்ததும். மாதக் கடைசி நாளின் முடிவு எண்களை எடுத்துக்கொண்டு பத்து மாதச் சராசரி போட்டால் போதும். மாதத்துக்கு ஏறத்தாழ 21 வணிக நாள்கள் என்பதால் அது 200 நாள் சராசரிக்கு மிக அருகில் வரும். தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு வாசகரும் சரிபார்க்கலாம்.

1999 நவம்பர் முடிவில் குறியீடு 3,336. பிப்ரவரியிலிருந்து நவம்பர் வரையான பத்து மாதங்களின் சராசரி 2,688. இடைவெளி 648, அதாவது விலக்கம் 24 சதவீதம். ஒரு முழுச் சந்தைக் குறியீட்டுக்கு இது பெரிய எண். "இனித் திரும்பியே ஆக வேண்டும்" என்று ஒருவர் நினைத்து, விலை இறங்கினால் லாபம் வரும் வகையில் அன்றே விற்றுவைத்தார் என்று கொள்வோம். அவர் மனத்தில் இருந்த இலக்கு 2,688.

டிசம்பர் முடிவில் குறியீடு 4,069-க்குப் போனது. விலக்கம் 42 சதவீதம். விற்றவருக்கு ஒரே மாதத்தில் 22 சதவீத நட்டம். 2000 பிப்ரவரி முடிவில் குறியீடு 4,697, சராசரி 3,229, விலக்கம் 45.5 சதவீதம். மார்ச் 10-இல் குறியீடு 5,048.62-இல் முடிந்தது, அக்காலத்தின் உச்சம் அதுவே. நவம்பரில் விற்றவர் அப்போது 51 சதவீத நட்டத்தில் இருந்தார். கடன் வாங்கிய பணத்தில் விற்றிருந்தால் அதற்கு முன்பே தரகர் கணக்கை முடித்திருப்பார்.

பிறகு சரிவு வந்தது. ஏப்ரல் 14-இல் முடிந்த ஒரே வாரத்தில் குறியீடு 25 சதவீதம் இறங்கி 3,321-இல் நின்றது. மாத முடிவில் 3,861-க்கு மீண்டது. சராசரி அப்போது 3,557, விலக்கம் 8.5 சதவீதம் மட்டுமே. மே முடிவில் குறியீடு 3,401, சராசரி 3,633. விலை சராசரிக்குக் கீழே போய்விட்டது. கால்டன் சொன்ன திரும்புதல் நடந்தேறிவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் அது எங்கே நடந்தது என்று பாருங்கள். நவம்பரில் 2,688-ஆக இருந்த சராசரி, ஆறு மாதங்களில் 3,633-க்கு ஏறிவிட்டது. விலை இறங்கிச் சராசரியைச் சந்தித்த இடமே, நவம்பரில் அவர் விற்ற 3,336-ஐவிட மேலே இருந்தது. ஏப்ரல் 14 அன்று முடிவு எண் அவர் விற்ற விலைக்குப் பதினைந்து புள்ளி கீழே வந்தது. திரும்பும் என்ற கணிப்பு சரியாக இருந்தும், மே மாத முடிவில் அவர் கையில் இருந்தது நட்டமே. விலக்கம் இரண்டு வழிகளில் குறையலாம்: விலை இறங்கலாம், அல்லது சராசரி ஏறலாம். இரண்டாவது வழியில் குறைந்தால் விற்றவருக்குப் பயனில்லை.

பிப்ரவரி முடிவில் 45.5 சதவீத விலக்கத்தைப் பார்த்து விற்றவரின் கதை வேறு. மார்ச் உச்சத்தில் 7.5 சதவீத நட்டத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தால், மே முடிவில் அவருக்கு 27.6 சதவீத லாபம். டிசம்பரில் 42 சதவீதத்தில் விற்றவரோ முதலில் 24 சதவீத நட்டத்தைத் தாங்கிய பிறகே 16 சதவீத லாபத்தைக் கண்டிருப்பார். 42-க்கும் 45.5-க்கும் இடையில் அளவுகோலில் பெரிய வித்தியாசம் இல்லை. பட்ட பாட்டில்தான் வித்தியாசம்.

கீழ்ப்பக்கமும் இதே சிக்கல் உண்டு. 2000 டிசம்பர் முடிவில் குறியீடு 2,470.52, சராசரி 3,588. சராசரிக்கு 31 சதவீதம் கீழே. கிரான்வில் விதிப்படி மீட்சிக்குரிய இடம் இது. ஆனால் 2001 செப்டம்பர் முடிவில் குறியீடு 1,499-க்கு வந்தது. 2002 அக்டோபர் 9-இல் 1,114-ஐத் தொட்ட பிறகே சரிவு நின்றது. இம்முறை சராசரி கீழே இறங்கி வந்து விலையைச் சந்தித்தது.

இவ்வளவு விலக்கம் வந்தபோது முன்பு எத்தனை முறை திரும்பியது என்று எண்ணி, அதை வாய்ப்பு விகிதமாகச் சொல்வது வழக்கம். இங்கே ஒரு பிழை எளிதில் நுழைகிறது. 1999 டிசம்பரிலிருந்து 2000 மார்ச் வரை விலக்கம் 30 சதவீதத்துக்கு மேல் இருந்த நாள்கள் பல. ஒவ்வொரு நாளையும் தனி நிகழ்வாக எண்ணினால் பத்துக்கணக்கான சான்றுகள் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அவை அனைத்தும் ஒரே ஏற்றத்தின் துண்டுகள்; ஒரே ஒரு சான்று. ஒரு மாணவன் எழுதிய ஒரே தேர்வை நாற்பது முறை திருத்திவிட்டு, நாற்பது தேர்வு எழுதினான் என்று பதிவேட்டில் குறிப்பது போன்றது அது. எனவே எண்ணும்போது விலக்கம் எல்லையைத் தாண்டிய முதல் நாளை மட்டும் எடுத்து, அது மீண்டும் சராசரியைத் தொடும்வரை வேறு எதையும் எண்ணாமல் விட வேண்டும். அப்படிச் செய்தால் பல பத்தாண்டுத் தரவிலும் பெரிய விலக்கங்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே மிஞ்சும். ஐந்தில் நான்கு முறை திரும்பியது என்பதையும் எண்பது சதவீத வாய்ப்பு என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

எண்ணும்போது இன்னொரு பத்தியையும் சேர்த்து எழுதுவது நல்லது: திரும்புவதற்கு முன் விலை எதிர்த்திசையில் அதிகபட்சம் எவ்வளவு போனது, சந்திப்பு எந்த விலையில் நடந்தது என்பது. நவம்பர் 1999 வரியில் அந்தப் பத்தி "51 சதவீதம், சந்திப்பு விற்ற விலைக்கு மேலே" என்று இருக்கும். திரும்பியதா என்ற பத்தியில் மட்டும் "ஆம்" என்றே இருக்கும்.