கதிரின் கதை – 7: விடுமுறை முடிந்தபோது திரும்பியிருந்த வீரியம்

1901 டிசம்பர். கனடாவின் மான்ட்ரியால் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருவர் ஒரு தோரிய உப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இயற்பியல் பேராசிரியர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்ட், வயது 30. மற்றவர் வேதியியல் துறையில் பணிபுரிந்த ஃபிரெடரிக் சாடி, வயது 24.

தோரியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து அம்மோனியா சேர்த்தார்கள். தோரியம் ஹைட்ராக்சைடாகி வெள்ளையாய்ப் படிந்தது. அதை வடிகட்டி எடுத்துவிட்டு, வடிநீரைக் காய்ச்சி, அம்மோனிய உப்புகளையும் சூடேற்றி விரட்டினார்கள். அடியில் ஒட்டியிருந்தது மிகச் சிறிய கசடு. ஆனால் அதன் கதிரியக்கம் எடைக்கு எடை தோரியத்தைவிடப் பல நூறு மடங்கு வலுவாக இருந்தது. இந்தக் கசடுக்கு ‘தோரியம் எக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று நாம் அதை ரேடியம்-224 என்கிறோம். இன்னொரு பக்கம், வடிகட்டி எடுத்த தோரியம் தன் வீரியத்தில் ஏறக்குறைய பாதியை இழந்திருந்தது.

அப்போதைக்கு இதற்கு எளிய விளக்கம் இருந்தது. தோரியத்தில் கலந்திருந்த ஏதோ ஓர் அசுத்தம்தான் கதிர் வீசியது, அது இப்போது பிரிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் ஜனவரியில் ஆய்வகத்தைத் திறந்தபோது அந்த விளக்கம் நிற்கவில்லை. தோரியம் எக்ஸின் வீரியம் போய்விட்டிருந்தது. ‘சுத்தமாக்கிய’ தோரியமோ பழைய வீரியம் முழுவதையும் திரும்பப் பெற்றிருந்தது. இரண்டும் தனித்தனிப் பாத்திரங்களில் இருந்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதுவும் போயிருக்க வழியில்லை.

உடனே புதிதாய்ப் பிரித்து, இரண்டையும் நாள்தோறும் எலக்ட்ரோமீட்டரில் அளந்தார்கள். கதிர்கள் காற்றை அயனியாக்கும்போது அந்தக் கருவியின் ஒளிப்புள்ளி நகரும். எவ்வளவு வேகமாக நகர்கிறதோ அவ்வளவு கதிரியக்கம். தோரியம் எக்ஸ் ஏறக்குறைய 4 நாளில் பாதியானது, அடுத்த 4 நாளில் அந்தப் பாதியிலும் பாதியானது. தோரியம் அதே 4 நாளில் இழந்ததில் பாதியை மீட்டது. ஒன்றின் இறக்கத்தையும் மற்றதன் ஏற்றத்தையும் கூட்டினால் மாறாத ஒரே அளவு வந்தது.

முதல் இரண்டு நாள் மட்டும் கணக்கு உதைத்தது. தோரியம் எக்ஸ் இறங்குவதற்குப் பதில் சற்று ஏறியது, தோரியம் சற்று இறங்கியது. காரணத்தை அவர்களே கண்டுபிடித்தார்கள். தோரியம் எக்ஸ் சிதைந்து ஒரு வாயுவைத் தருகிறது, அந்த வாயு சிதைந்து பாத்திரத்தின் மேல் கதிரியக்கப் படிவை விடுகிறது. எனவே புதிதாய்ப் பிரித்த தோரியம் எக்ஸின் மேல் அதன் வாரிசுகளின் கதிரும் சேர்கிறது. தோரியத்தில் தங்கிய பழைய படிவோ முதலில் தேய்கிறது. கலப்பு இருந்தால் வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும். கதிரியக்கத்தின் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால், ஒரே பொருள் மட்டும் இருக்கும்போது நேர்கோடு கிடைக்கும். கோடு வளைந்தால் உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று பொருள்.

இருவரும் 1902-இல் வெளியிட்ட முடிவு இதுதான். கதிரியக்கம் என்பது ஒரு தனிமத்தின் அணு வேறொரு தனிமத்தின் அணுவாக மாறுவதன் அடையாளம். தோரியம் ஓயாமல் தோரியம் எக்ஸைப் பெற்றுக்கொண்டே இருக்கிறது, அது ஓயாமல் அழிந்துகொண்டே இருக்கிறது. (இடையில் வேறு சில தலைமுறைகளும் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது.)

பாதியாகும் அந்தக் காலமே அரை ஆயுட்காலம். ரேடியம்-224-க்கு இன்றைய அளவு 3.63 நாள். ஐந்து அரை ஆயுட்காலம், அதாவது சுமார் 18 நாள் கழிந்தால், எஞ்சுவது 32-இல் ஒரு பங்கு. மாணவர்கள் இங்கே ஒரு தவறு செய்வதுண்டு. ‘3.63 நாளில் பாதி போனால் 7.26 நாளில் முழுவதும் போய்விடும்’ என்பார்கள். போகாது. ஏனென்றால் அணுவுக்கு மூப்பு இல்லை. தொண்ணூறு வயதுக்காரர் அடுத்த ஆண்டில் இறக்கும் வாய்ப்பு இருபது வயதுக்காரரைவிட அதிகம். ரேடியம்-224 அணு இன்று பிறந்ததானாலும் ஒரு மாதம் பிழைத்துக் கிடந்ததானாலும் அடுத்த ஒரு நாளில் சிதையும் வாய்ப்பு ஒன்றுதான்: சுமார் 17 சதவீதம். எந்த அணு என்று யாராலும் சொல்ல முடியாது. கோடிக்கணக்கில் இருக்கும்போது எத்தனை என்று மட்டும் சொல்லலாம்.

வேகம் தெரிந்தது. ஆனால் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? 1903-இல் பாரிஸில் பியர் கியூரியும் ஆல்பர்ட் லபோர்டும் ஒரு கிராம் ரேடியம் மணிக்குச் சுமார் 100 கலோரி வெப்பம் தருவதை அளந்தார்கள். எந்த எரிபொருளும் இப்படி ஆண்டுக்கணக்கில் சூடு தருவதில்லை. விடைக்கு, அணுக்களை மிக நுட்பமாக எடைபோடும் கருவி வரவேண்டியிருந்தது.

1919-இல் கேம்பிரிட்ஜில் ஃபிரான்சிஸ் ஆஸ்டன் நிறை நிரல்வரைவியை உருவாக்கினார். தொடர்ந்த அளவீடுகளில், ஹீலியம் அணுவின் நிறை நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறையைவிடக் குறைவாக இருந்தது. இன்றைய எண்களில் கணக்கிடுவோம். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் இரண்டு நியூட்ரான்களும் தனித்தனியே இருந்தால் 4.0330 அணு நிறை அலகு. ஹீலியமாகச் சேர்ந்தபின் 4.0026. காணாமல்போன 0.0304 அலகு, E = mc² விதிப்படி, 28.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலாக வெளியேறிவிட்டது. அவ்வளவு ஆற்றலைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஹீலியம் அணுக்கரு மறுபடி துண்டுகளாகும். இதுவே பிணைப்பாற்றல். நான்கு நியூக்ளியான்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு 7.07. பிணைப்பாற்றல் என்பது கரு சேமித்து வைத்திருக்கும் ஆற்றல் அன்று, ஏற்கெனவே இழந்துவிட்ட ஆற்றல். இதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது: தலைக்குப் பிணைப்பாற்றல் கூடினால் கரு உறுதியாகிறது, நிறை குறைகிறது. இரும்பு, நிக்கல் அருகே இது உச்சமாக 8.8-ஐத் தொடும். அதற்கப்பால், கனமான கருக்களில் புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் மெல்லச் சரியும்.

இனி மான்ட்ரியால் கசடுக்கு வருவோம். ரேடியம்-224-இல் தலைக்கு 7.680, மொத்தம் 1720.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அது ஆல்ஃபா துகளை வீசி ரேடான்-220 ஆகிறது. ரேடானில் தலைக்கு 7.717, மொத்தம் 1697.8. ஆல்ஃபா துகள் ஹீலியத்தின் கருதான், அதன் பங்கு 28.3. இரண்டும் சேர்ந்து 1726.1. ரேடியத்தின் கணக்கைவிட 5.8 அதிகம். அந்த 5.8-தான் வெளிப்படும் ஆற்றல். பெரும்பகுதியை ஆல்ஃபா துகள் வேகமாக எடுத்துச் செல்கிறது, சிறு மிச்சம் ரேடான் கருவின் பின்னுதைப்பில் போகிறது. ஒரு தனிப் புரோட்டான் ஏன் வெளியேறுவதில்லை என்பதும் இதிலேயே தெரியும். தனியாய்ப் போகும் புரோட்டானுக்குப் பிணைப்பாற்றல் பூஜ்ஜியம். அதைப் பிய்த்தெடுக்கக் கரு கைப்பணம் போடவேண்டும். ஆல்ஃபா தன் 28.3-ஐச் சுமந்து போவதால்தான் கணக்கு லாபத்தில் முடிகிறது.

ஆனால் பிணைப்பாற்றல் கணக்கு சிதைவு நடக்கலாமா என்று மட்டுமே சொல்லும், எப்போது என்று சொல்லாது. தோரியம்-232 வெளியிடும் ஆற்றல் 4.1, அதே பரம்பரையின் கடைசிக்கு அருகே வரும் பொலோனியம்-212 வெளியிடுவது 9.0. வித்தியாசம் இரண்டேகால் மடங்குகூட இல்லை. அரை ஆயுட்காலமோ முன்னதற்கு 1,400 கோடி ஆண்டுகள், பின்னதற்கு ஒரு நொடியைக் கோடிப் பங்காக்கினால் அதில் மூன்று பங்கு. இந்தப் பிளவை 1928-இல் ஜார்ஜ் காமோவ் குவாண்டம் இயற்பியலைக் கொண்டு விளக்கினார். தாண்ட முடியாத ஆற்றல் சுவரை ஆல்ஃபா துகள் எப்படிக் கடக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)