புகையா, ஆவியா? கமராவின் எச்சரிக்கையை நம்புவது எவ்வாறு?

நெல் அவித்துக் குற்றும் ஆலைகளில் தீ பெரும்பாலும் சுடர்விட்டுத் தொடங்குவதில்லை. உமிக் குவியலினுள் விழுந்த ஒரு பொறி மணிக்கணக்கில் கனன்று, புகையை மட்டும் கக்கிக்கொண்டிருக்கும். உயர்ந்த தகரக் கூரையில் பொருத்தப்படும் புகையுணர் கருவி இங்கு அதிகம் உதவுவதில்லை. வெயிலில் காய்ந்த கூரையின் கீழ் தேங்கிய சூடான காற்று, மெலிந்த புகையை மேலே செல்லவிடாது தடுக்கும். தவிட்டுத் தூசியோ கருவியை ஓயாது அலறச் செய்யும். ஆகவேதான், களவைத் தடுக்கவெனப் பொருத்திய கமராவையே தீக்காவலனாகவும் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி எழுகின்றது.

முடியும். துருக்கியின் பில்கென்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொரெயின், டெடெயோலு, செட்டின் ஆகிய மூவர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட முறை இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுவது. அதன் அடிப்படை எளியது. அசையாத கமரா ஒரே காட்சியையே காண்பதால், வழமையான காட்சியைக் கணினி மனதில் பதித்துக்கொண்டு, மாறிய பகுதியை மட்டும் ஆராய்கின்றது. புகை தொடக்கத்தில் பின்னாலுள்ளதை முற்றாக மறைப்பதில்லை. மூட்டைகளின் விளிம்புகளையும் சுவரின் கோடுகளையும் மங்கச் செய்கின்றது. நிறங்களும் வெளிறுகின்றன. குறுக்கே நடக்கும் மனிதனோ பின்னாலுள்ளதை மறைத்துத் தன் கூரிய விளிம்புகளைக் கொண்டுவருகின்றான். மேலும், புகையின் ஓரம் செக்கனுக்கு 1 முதல் 3 தடவை வரை துடிக்கின்றது. இத்துடிப்பைக் காணச் செக்கனுக்கு 6 படங்களுக்கு மேல் வேண்டும். சேமிப்பிடத்தை மிச்சப்படுத்த 5 படங்களாகக் குறைத்து வைத்த கமரா இதன் வேகமான துடிப்புகளைத் தவறவிடும்.

சிக்கல் இதன் பின்னரே தொடங்குகின்றது. நீராவியும் விளிம்புகளை மங்கச் செய்யும்; அதன் ஓரமும் துடிக்கும். ஒரு படத்தை மட்டும் நோக்கினால் இரண்டையும் பிரித்தறிவது மனிதக் கண்ணுக்கும் கடினமே. வேறுபாடு அவற்றின் நடத்தையில் உள்ளது. ஆவி என்பது நுண்ணிய நீர்த்துளிகள். உலர்ந்த காற்றில் சில மீற்றர் எழுந்ததும் அது கரைந்து மறையும், மேற்பகுதி தெளிவாகிவிடும். புகை கரைவதில்லை, பரவி மெலியும். தூசி திடீரென எழும். லொறியோ மூட்டை கொட்டும் தொழிலாளியோ அதற்கு முன் காட்சியில் தோன்றியிருப்பர். பின்னர் அது படிந்துவிடும். புகையின் அடி மட்டும் ஒரே இடத்தில் நிலைத்திருக்க, மேற்பகுதி தொடர்ந்து விரியும்.

செட்டிபாளையத்தை அண்டி இத்தகைய ஆலையொன்று இருப்பதாக எண்ணிக்கொள்வோம். காலை 6 மணிக்கு அவியல் தொட்டி திறக்கப்படுகின்றது, கமரா எச்சரிக்கின்றது. 9 மணிக்கு நெல் கொட்டப்படுகின்றது, மீண்டும் எச்சரிக்கை. மூன்றாம் நாள் யாராவது கருவியை நிறுத்திவிடுவர். உண்மையான ஆபத்து அதுவே. இதற்கு அஞ்சி, தொட்டிப் பகுதியைக் கமராவின் கவனத்திலிருந்து முற்றாக நீக்குவோரும் உளர். ஆனால் உமி எரியும் கொதிகலனும் அதன் அருகேதான் இருக்கின்றது. பொறி பறக்கும் இடத்தையே குருடாக்குவது எவ்வகையிலும் நியாயமன்று.

சிறந்த வழி, இடத்திற்கு இடம் பொறுமையை மாற்றுவதாகும். உமிக் குவியலின் மேல், அடி நிலைத்த மங்கல் 15 செக்கன் நீடித்தால் எச்சரிக்கலாம். தொட்டியருகே 60 செக்கன் காத்திருந்து, மங்கல் கூரைவரை கரையாது செல்கின்றதா என்றும் பார்க்கலாம். அங்கே வெப்பமுணரும் கருவியொன்றையும் சேர்த்தால் காத்திருப்பின் இழப்பு ஈடாகும். இவை தொடக்க அளவுகள் மட்டுமே. இரு வாரங்கள் ஒவ்வோர் எச்சரிக்கையின் நேரத்தையும் காரணத்தையும் ஏட்டில் குறித்து, அதன்படி திருத்த வேண்டும். கனலும் உமியைச் சிறிய தகரத்திலிட்டுப் பாதுகாப்பாகப் புகைத்து, கமரா கண்டுகொள்கின்றதா எனவும் சோதிக்க வேண்டும். இச்சோதனையின்றித் தவறான எச்சரிக்கைகள் குறைந்ததை எண்ணி மகிழ்வது வீண்.

மாரிகாலக் காலையில் வாவிப் பக்கமிருந்து வரும் பனிமூட்டமும், கண்ணாடியில் படியும் தவிடும் வேறுவகை. அவை காட்சி முழுவதையும் ஒருசேர மங்கச் செய்யும். தீயின் புகை ஓரிடத்தில் தொடங்கும். முழுக் காட்சியும் மங்கினால் "தீ" என்றன்று, "கமராவைத் துடைக்கவும்" என்றே அறிவிக்க வேண்டும். இருளில் விளக்கில்லாத கமரா புகையைக் காணாது என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இறுதித் தீர்ப்பு மனிதனுடையதே. 2023இல் கலிபோர்னிய மாநிலத் தீயணைப்புத் திணைக்களம் மலையுச்சிக் கமராக்களில் கணினிக் கண்காணிப்பைத் தொடங்கியபோதும், கணினி சுட்டிய இடத்தை அலுவலர் பார்த்து உறுதிசெய்யும் முறையையே கைக்கொண்டது. நம் ஆலைகளிலும் எச்சரிக்கைப் படம் காவலாளியின் தொலைபேசிக்குச் செல்லலாம். அவர் அதைப் பார்க்கும் பழக்கத்தை இழக்காதிருக்கும் அளவுக்கு வீண் எச்சரிக்கைகள் அரிதாக இருந்தால்தான், உண்மையான புகை எழும் இரவில் அவர் எழுந்து ஓடுவார்.