கடினநிலையின் பெயரும் மறைவும்: 1992 முதல் 2006 வரை

1992இல் வெளிவந்த ‘வுல்ஃபென்ஸ்டீன் 3டி’ கணினி விளையாட்டு, தொடங்குமுன் நான்கு கடினநிலைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னது. எளிது, நடுத்தரம், கடினம் என்ற வழக்கமான பெயர்கள் அங்கு இல்லை. நான்கும் ஆட்டக்காரரே பேசும் கூற்றுகளாக அமைந்திருந்தன. முதலாவது, விளையாட அப்பாவிடம் அனுமதி கேட்கும் வினா; அடுத்தது, துன்புறுத்த வேண்டாம் என்னும் இறைஞ்சல்; மூன்றாவது, எதிரிகளை வரச்சொல்லும் அறைகூவல்; இறுதியானது, தன்னையே மரணத்தின் அவதாரமாக அறிவிக்கும் உறுதிக்கூற்று. மிக எளிய நிலையைத் தெரிவு செய்தால், கதைநாயகனின் முகம் குழந்தைத் தொப்பியும் வாயில் சூப்பானுமாகத் தோன்றும்.

அந்நிலையில் காவலர்களின் எண்ணிக்கை குறைவு. அடிபடும்போது இழக்கும் உடல்நலமும் நான்கில் ஒரு பங்கே. ஆனால் சாதனையுணர்வைத் தீர்மானித்தது இந்தக் கணக்கு மட்டுமன்று. ஒரே தாழ்வாரங்களைக் கடந்து ஒரே முடிவை அடைந்தவர்களுள் ஒருவர் சவால்விட்டு வென்றவராகவும், மற்றவர் கெஞ்சி வென்றவராகவும் ஆயினர். வெற்றியின் மதிப்பை முதல் தோட்டாவுக்கு முன்பே ஒரு வாக்கியம் எழுதிவிட்டது.

இந்தக் கூச்சத்தைத் தவிர்க்க ஒரு வழி, கேள்வியையே கேட்காதிருப்பது. ஆட்டக்காரரின் திறனை விளையாட்டே கணித்து, ஓசையின்றித் தன்னை மாற்றிக்கொள்ளலாம். இதில் மிக அறிவுறுத்தும் சான்று, 1996இல் ஜப்பானிய ஆர்கேடுகளுக்கு ரைசிங் நிறுவனம் அளித்த ‘பேட்டில் கரேகா’ என்னும் வானூர்திச் சுடுவிளையாட்டு. அதனுள் ரேங்க் என்றழைக்கப்படும் ஓர் எண் இயங்குகிறது. திரையில் அது காட்டப்படுவதில்லை. சுடும் ஒவ்வொரு முறையும், ஆயுதத்தை வலுப்படுத்தும் பொருளை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது உயர்கிறது. அது உயர உயர, எதிரிகளின் தோட்டாக்கள் பெருகி விரைவடைகின்றன. எதிரிகளும் எளிதில் அழிவதில்லை. உயிர் இழந்தால் ரேங்க் இறங்கும். கையிருப்பில் உள்ள உயிர்கள் எவ்வளவு குறைவோ, அவ்வளவு அதிகமாக இறங்கும்.

கிடைத்ததையெல்லாம் எடுத்து ஓயாமல் சுடும் புதியவர் பிந்தைய கட்டங்களில் நசுக்கப்படுவார், காரணம் அவருக்குத் தெரியாது. தேர்ந்தவர்கள் காரணத்தைக் கண்டுகொண்டனர். தேவையற்ற ஆயுத மேம்பாடுகளைத் தவிர்த்தனர், சுடுவதைச் சிக்கனப்படுத்தினர், மதிப்பெண்ணால் கூடுதல் உயிர் ஈட்டி, அதைத் தக்க இடத்தில் வேண்டுமென்றே இழந்து ரேங்க்கைத் தாழ்த்தினர். தோல்வியின் அடையாளமான சாவு, திட்டமிட்டுச் செலவழிக்கும் நாணயமாயிற்று. மறைந்திருந்த கடினநிலையை ஆள்வதே சாதனையாக மாறியது. (தற்கொலையைத் திறமையாகப் போற்றும் விளையாட்டு விந்தையானதே, ஆயினும் அதன் தருக்கம் பிழையற்றது.)

கேப்காமின் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ (2005) இதே உத்தியை இன்னும் அடக்கமாகக் கையாண்டது. ஷின்ஜி மிகாமி இயக்கிய அவ்விளையாட்டில், அடிபடுவதும் சாவதும் உள்ளளவைக் குறைக்கும். நன்றாக ஆடுவது உயர்த்தும். அதற்கேற்ப எதிரிகளின் தாக்கும் வேகமும் அடியின் வலிமையும் மாறும். சில இடங்களில் எதிரிகளின் எண்ணிக்கையே குறையும். முதன்முறை ஆடுபவருக்கு ஒப்பிட வேறு அனுபவம் இல்லை. ஆகவே மாற்றம் புலப்படுவதில்லை. ஆனால் செத்து மீண்டும் அதே அறைக்குள் நுழைபவர், தம்மை அறியாமலே ஒரு சோதனையை நிகழ்த்துகிறார்: இடம் ஒன்று, சூழல் ஒன்று, எதிரிகள் மட்டும் குறைவு. அதுவே ஐயத்தின் தொடக்கம். ஆயிரம் பேர் தம் ஆட்டங்களை ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினால் ஐயம் அறிவாகிவிடுகிறது. தனியாளிடம் மறைக்க முடிந்ததை ஆட்டக்காரர் சமூகத்திடம் மறைக்க இயலவில்லை.

தெரிந்தபின் நேர்வதுதான் சிக்கல். இயல்பு நிலையில் முடித்த இருவர் உண்மையில் இருவேறு விளையாட்டுகளை முடித்திருக்கலாம். பலமுறை தோற்று இறுதியில் வென்றவருக்கு, வென்றது தம் கையா, இரங்கிய நிரலா என்று பிரித்தறிய வழியில்லை. ஒருமுறை ஆட்டத்தை முடித்தவருக்குத் திறக்கும் ‘புரொபஷனல்’ நிலையில் இந்த உள்ளளவு உச்சத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. ஐயமற்ற வெற்றி வேண்டுவோர் அங்குதான் செல்ல வேண்டும்.

மறு ஆண்டே மிகாமி இயக்கிய ‘காட் ஹேண்ட்’ நேரெதிரான வழியை எடுத்தது. அங்கும் கடினநிலை கணந்தோறும் மாறுகிறது. ஆனால் 1, 2, 3, அதற்கும் மேல் ‘டை’ என்னும் நிலை என்று திரையின் ஓரத்திலேயே அளவி காட்டுகிறது. உயர்நிலையில் வீழ்த்திய எதிரிகளுக்குக் கூடுதல் பணம் உண்டு. தாங்க முடியாதவர் எதிரியின் முன் மண்டியிட்டு வணங்கி நிலையை இறக்கிக்கொள்ளலாம். அதுவும் ஆட்டத்தின் ஓர் அசைவே. வுல்ஃபென்ஸ்டீனின் இறைஞ்சல் இங்கு மீண்டும் வருகிறது. ஆனால் அது ஆட்டக்காரருக்கு முன்கூட்டியே ஒட்டப்பட்ட பெயரன்று. தேவைப்படும் கணத்தில் அவரே தெரிந்து செய்யும் செயல். அடுத்த சில குத்துகளிலேயே இழந்த நிலையை அவர் மீட்டுக்கொள்ளவும் முடியும்.