மாற்று முகமும் மறையாத் தடமும்

அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் மேசையருகே கம்பீரமாக நிற்கும் அச்சுப்படம் ஒன்று 19ஆம் நூற்றாண்டில் அந்நாட்டில் வழங்கிவந்தது. அப்படத்திலுள்ள தலை லிங்கனுடையது; உடலோ அவருடையதன்று. அடிமை முறைக்கு அரணாக நின்று வாதாடி 1850ஆம் ஆண்டில் மறைந்த ஜோன் கல்ஹூன் என்பாரின் உடல் அது. அடிமைகளின் விலங்கைத் தறித்தவரின் தலையை, அவ்விலங்கைக் காத்தவரின் தோளின்மேல் எவரோ பொருத்திவிட்டனர். மேசைமீது கிடந்த தாள்களின் வாசகங்களைக்கூட அவர்கள் மாற்றி எழுதினர். ஆயினும் ஒன்றை மறந்தனர். தோளின் திருப்பத்துக்கு இசையும்படி தலையை இடம்வலமாகப் புரட்டியபோது, லிங்கனின் வலக்கன்னத்து மரு இடக்கன்னத்துக்குச் சென்றுவிட்டது. அம்மருவே பொய்க்குச் சாட்சியாயிற்று.

முகமாற்று மோசடியை ஆராய்வோர் இன்றும் பின்பற்றும் நெறி இதுவேயாகும். பொய்ப்படத்தில் வெவ்வேறிடத்திலிருந்து வந்த இரு பகுதிகள் உள்ளன. அவை ஒன்றோடொன்று எங்கே முரண்படுகின்றன என்று தேடுவதே ஆராய்வோர் தொழில்.

2017ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இம்மோசடி புதியதொரு வடிவத்தில் வெளிப்பட்டது. கணினிக்கு இருவரின் முகப்படங்களை ஆயிரக்கணக்கிற் காட்டிப் பயிற்றுவித்தால், முதலாமவர் சிரிக்கும்போதும் பேசும்போதும் அதே பாவனையில் இரண்டாமவரின் முகத்தை அது வரைந்து தரும். அவ்வாறு வரைந்த முகம் காணொளியின் ஒவ்வொரு படத்திலும் ஒட்டப்படும். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கணினி தலை முழுவதையும் வரைவதில்லை. புருவம், கண், மூக்கு, வாய் ஆகியன அடங்கிய நடுமுகத்தை மட்டுமே அது வரைகின்றது. தாடையின் விளிம்பு, காது, கூந்தல் யாவும் பழைய மனிதருடையனவாகவே எஞ்சி நிற்கின்றன.

நியூயோர்க் மாநிலத்தின் ஆல்பனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின் யாங், யூவெசுன் லி, ஸிவெய் லியு ஆகிய மூவரும் இந்த இடத்தையே பற்றிக்கொண்டனர். 2018ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் வெளியிட்ட சோதனை எளிய வடிவியலை அடிப்படையாகக் கொண்டது. முதலில் முகத்தில் 68 புள்ளிகள் குறிக்கப்படுகின்றன. புருவ வளைவு, கண்ணோரம், மூக்கு நுனி, இதழோரம், தாடை விளிம்பு ஆகியன அப்புள்ளிகளுக்கு உரிய இடங்கள். பின்னர், பொதுவானதொரு முப்பரிமாணத் தலையுருவை எடுத்து, எப்பக்கம் எவ்வளவு திருப்பினால் அதன் புள்ளிகள் படத்திலுள்ள புள்ளிகளோடு பொருந்தும் என்று கணிக்கப்படுகின்றது. அத்திருப்பமே அம்மனிதர் தலையை வைத்திருக்கும் திசையாகும்.

இக்கணிப்பை அவர்கள் இருமுறை செய்தனர். ஒருமுறை விளிம்பையும் சேர்த்து முகம் முழுவதற்கும் செய்தனர். மறுமுறை நடுமுகப் புள்ளிகளுக்கு மட்டும் செய்தனர். உண்மையான மனிதரின் மூக்கு ஒருபுறமும் தாடை வேறொருபுறமும் நோக்குதல் இயலாது. ஆதலால் உண்மைப் படத்தில் இரு விடைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே அமையும். பொய்ப்படத்திலோ கணினி வரைந்த தட்டையான துண்டு, சுருக்கியும் நீட்டியும் சுழற்றியும் பழைய தலையின்மேல் பொருத்தப்பட்டுள்ளது. தாளில் வரைந்த முகத்தை எவ்வளவு நேர்த்தியாக வெட்டி ஒட்டினாலும் அது உருண்ட தலையின் திருப்பத்தை முற்றாகப் பெறுவதில்லை. எனவே விளிம்பு ஒரு திசையைச் சொல்ல, நடுமுகம் மற்றொரு திசையைச் சொல்லும்.

இவ்வேறுபாட்டை அவர்கள் ஓர் எண்ணால் அளந்தனர். இரு திசைகளும் முற்றும் ஒன்றாயின் அவ்வெண் 0 ஆகும். உண்மைப் படங்களில் அது பெரும்பாலும் 0.02க்கு உட்பட்டிருந்தது, அதாவது சுமார் 11 பாகைக்குள் அடங்கியது. பொய்ப்படங்களிலோ 0.02க்கும் 0.08க்கும் இடையிற் பரந்து கிடந்தது, 0.08 என்பது சுமார் 23 பாகைக்குச் சமம். உண்மைக் காணொளிகள் 49, பொய்க் காணொளிகள் 49 என அமைந்த தொகுதியில் சோதித்தபோது 0.89 என்னும் மதிப்பெண் கிடைத்தது. உண்மைப் படம் ஒன்றையும் பொய்ப்படம் ஒன்றையும் அருகருகே வைத்தால், நூற்றுக்கு 89 தடவை பொய்யையே கூடுதலாக ஐயுற்றது என்பது இதன் பொருள்.

வடிவத்தை நோக்கும் இவ்வழி ஒருபுறமிருக்க, மற்றொரு சாரார் படத்தின் இழையை நோக்கினர். பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியர் 1822ஆம் ஆண்டில் வெப்பம் பற்றி எழுதிய நூலில் விளக்கிய முறை இதற்கு அடிப்படையாயிற்று. சிக்கலான அலை எதனையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பது அம்முறை. நிழற்படத்தையும் அவ்வாறே பிரிக்கலாம். நெற்றியின் மெல்லிய ஒளிநிழல் குறைந்த மீடிறன் கொண்ட அலை; மயிரிழையும் தோலின் நுண்வரிகளும் உயர்ந்த மீடிறன் கொண்டவை. இயற்கைப் படங்களில் மீடிறன் உயர உயர அலையின் வலிமை சீராகத் தேய்ந்து செல்லும்.

கணினி வரைந்த முகத்தில் இத்தேய்வு இயல்பாக அமைவதில்லை. கணினி முதலிற் சின்னஞ்சிறு உருவொன்றை அமைத்துப் படிப்படியாக அதனைப் பெருப்பிக்கின்றது. ஒவ்வொரு படியிலும் இரு புள்ளிகளுக்கு இடையே புதிய புள்ளிகளை இட்டு நிரப்ப வேண்டியுள்ளது. ஒரே ஒழுங்கில் நிகழும் இந்நிரப்பலால், பாயிற் படியும் பின்னலைப் போன்ற சீரான தடம் உண்டாகின்றது. வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. பூரியரின் முறையாற் பிரித்துப் பார்த்தாலோ, உயர் மீடிறன் பகுதியில் இருக்கத்தகாத வலிமையாக, சிலவேளை ஒழுங்காக அடுக்கிய ஒளிப்புள்ளிகளாக, அது வெளிப்படும். 2019, 2020ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆய்வாளர் பலர் இதனை எடுத்துக்காட்டினர்.

ஆயினும் இத்தடம் எளிதில் அழியக்கூடியது. காணொளியைச் சுருக்கி அனுப்பும் முறைகள் முதலிற் கைவிடுவது கண்ணுக்கு எட்டாத உயர் மீடிறன்களையே. கைக்குக் கை மாறிய காணொளியிலே பொய்யின் தடம் தேய்ந்துவிடும். அதே சுருக்கம் உண்மைப் படத்தின்மேலும் சதுரக் கட்டங்களாகத் தன் தடத்தைப் பதித்துவிடும். போதாதற்கு, இக்குறையை 2020ஆம் ஆண்டில் விளக்கிய ஆய்வுகளுள் ஒன்று, பயிற்சியின்போதே அதனைத் திருத்தும் வழியையும் கூறியது. நோயைக் கண்ட கட்டுரையே மருந்தையும் சொல்லிற்று. அம்மருந்து ஏமாற்றுவோனுக்கும் எட்டக்கூடியதன்றோ!

தலைத்திசைச் சோதனைக்கும் இதே கதி நேர்ந்தது. யூவெசுன் லியும் ஷின் யாங்கும் ஸிவெய் லியுவும் வேறிருவருடன் சேர்ந்து, 5,639 பொய்க் காணொளிகள் கொண்ட புதிய தொகுதியொன்றை 2020ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு மாநாட்டில் முன்வைத்தனர். முகத்தைப் பெரிதாக வரைந்தும், ஓரங்களை இழைத்தும், நிறத்தை ஒப்பனை செய்தும் அவற்றை நேர்த்தியாக்கினர். பின்னர்த் தம் பழைய சோதனையைத் தாமே அவற்றின்மேற் செலுத்தினர். 0.89 ஆக இருந்த மதிப்பெண் 0.546 ஆக வீழ்ந்தது. காசைச் சுண்டிப் பார்த்தாலே 0.5 கிடைக்கும். தம் கருவி தோற்றதைத் தாமே அளந்து, தம் பெயரோடு அவர்கள் பதிந்து வைத்தனர்.

இவ்வரலாற்றில் நீதிமன்றமும் செய்தித்தாளும் கைக்கொள்ளத்தக்க விதியொன்று அடங்கியுள்ளது. நடுமுகமும் விளிம்பும் ஒரு படத்தில் மட்டுமன்றிப் படத்துக்குப் படம் மாறுபட்டுச் சென்றால், அது வலுவான ஐயத்துக்கு இடமாகும். மங்கிய முகத்தில் புள்ளிகளைப் பிழையாகக் குறித்தாலும் அத்தகைய மாறுபாடு தோன்றலாமாதலின், அதுவும் தனித்து நின்று தீர்ப்பாகாது. மறுபுறம், மாறுபாடு தென்படவில்லை என்பதனாற் படம் மெய்யென்று ஆகிவிடாது. அந்தச் சோதனைக்கு அது அகப்படவில்லை என்பதே அதன் பொருள். கன்னத்து மருவைச் சரியான பக்கத்தில் வைக்கக் கற்றுக்கொண்டவன், லிங்கனின் தலையை மீண்டும் கல்ஹூனின் தோள்மேல் வைக்கக்கூடும். அப்போது மருவைத் தேடுவோர் ஏமாந்து போவர். வேறிடத்தில் முரணைத் தேடுவோரே உண்மையைக் காண்பர்.