ஜாமீன் கையெழுத்திட்டவரின் பொறுப்பு எதுவரை? சட்டம் சொல்வது என்ன?

மைசூரு: கடன் வாங்கியவர் தவணை செலுத்தத் தவறினால், வங்கி முதலில் அவரிடம் வசூலிக்க முயன்ற பிறகே ஜாமீன்தாரரை நாட முடியும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் குறிப்பிடப்படாத வரை, கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவே ஜாமீன்தாரரின் பொறுப்பும் ஆகும்.

பீகார் வங்கி தொடர்ந்த வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. கடனாளியிடம் எல்லா வழிகளிலும் முயன்ற பின்னரே ஜாமீன்தாரரிடம் வசூலிக்க வேண்டும் என்று கீழமை நீதிமன்றம் விதித்த நிபந்தனையை அது நீக்கியது. வங்கியைக் காத்திருக்கச் செய்தால் ஜாமீன் பெறுவதன் நோக்கமே வீணாகிவிடும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எனினும், ஜாமீன்தாரர் முற்றிலும் பாதுகாப்பற்றவர் அல்லர். மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டை போன்ற ஓர் இடத்தில் சிறு பட்டறை நடத்துபவரின் நிலையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருக்கு வங்கி 10 லட்சம் ரூபாய் வரம்புடன் கேஷ் கிரெடிட் கடன் வழங்குகிறது. அவருடைய நண்பர் ஜாமீன் கையெழுத்திடுகிறார். பின்னர் வங்கி, நண்பரிடம் தெரிவிக்காமலேயே 14 லட்சம் ரூபாய் வரை எடுக்க அனுமதிக்கிறது. பட்டறை நொடித்ததும் முழுத் தொகையையும் கேட்டு நண்பருக்கு நோட்டீஸ் வருகிறது.

இங்கு 133-ஆவது பிரிவு அவருக்குத் துணை நிற்கிறது. ஜாமீன்தாரரின் சம்மதமின்றிக் கடன் நிபந்தனைகள் மாற்றப்பட்டால், அம்மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளுக்கு அவர் பொறுப்பாகமாட்டார். குஜராத்தைச் சேர்ந்த கூட்டுறவு வங்கி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே அடிப்படையில் தீர்ப்பளித்தது. 4 லட்சம் ரூபாய் வரம்பைத் தாண்டிக் கடனாளி எடுத்த தொகைக்கு ஜாமீன்தாரர்கள் பொறுப்பல்லர் என்றும், அனுமதிக்கப்பட்ட தொகைக்கு மட்டும் பொறுப்பு என்றும் அது கூறியது. ஆகவே, நம் எடுத்துக்காட்டில் கூடுதலான 4 லட்சத்தை நண்பர் மறுக்கலாம். 10 லட்சத்தையும் அதற்குரிய வட்டியையும் மறுக்க இயலாது.

இரண்டாவது பாதுகாப்பு 141-ஆவது பிரிவில் உள்ளது. கடனுக்கு ஈடாக 3 லட்சம் ரூபாய் மதிப்புள்ள இயந்திரம் அடமானம் வைக்கப்பட்டிருந்து, நண்பரின் சம்மதமின்றி வங்கியே அதை விடுவித்துவிட்டால், அந்த 3 லட்சம் அளவுக்கு அவரது பொறுப்பு குறையும். வங்கியின் கவனக்குறைவால் ஈடுப்பொருள் தொலைந்துபோன வழக்கொன்றில், ஜாமீன்தாரர் விடுபடுவார் என 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

அதே வேளையில், வங்கி நடவடிக்கை எடுக்காமல் சில காலம் பொறுத்திருந்தது என்பது மட்டும் தற்காப்பு ஆகாது. 137-ஆவது பிரிவு இதைத் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் ஜாமீன்தாரரைக் கேட்காமல், கடனாளிக்கு அவகாசம் தருவதாக வங்கி அவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டால் 135-ஆவது பிரிவின்படி ஜாமீன்தாரர் விடுபடுவார்.

இந்தப் பாதுகாப்புகள் அனைத்தும் கையெழுத்திட்ட பத்திரத்தைப் பொறுத்தவை. வங்கிகளின் அச்சிட்ட ஜாமீன் பத்திரங்கள் பலவற்றில், மேற்கண்ட உரிமைகளை ஜாமீன்தாரர் விட்டுக்கொடுப்பதாக ஒரு நிபந்தனை இடம்பெறுகிறது. தொடர் ஜாமீனை நோட்டீஸ் மூலம் திரும்பப் பெற 130-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆயினும் அவ்வுரிமையைப் பத்திரத்தில் விட்டுக்கொடுத்தவர் பின்னர் அதைக் கோர முடியாது என 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. திரும்பப் பெற முடிந்தாலும், இனி வரும் பரிவர்த்தனைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஏற்கெனவே எடுத்த கடன் நீங்காது.

காலவரம்பும் பத்திரத்தின் வாசகத்தைச் சார்ந்ததே. கர்நாடகத்தில் எழுந்த சிண்டிகேட் வங்கி வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வங்கி கேட்கும்போது செலுத்துவதாக எழுதப்பட்ட ஜாமீனில், வங்கி கேட்டு ஜாமீன்தாரர் மறுத்த பிறகே காலவரம்பு தொடங்கும் என்று விளக்கியது. கடன் பழையது என்பதாலேயே கோரிக்கை காலாவதியாகிவிட்டது எனக் கருதிவிட இயலாது. எனினும், கோரும் நாளில் அக்கடன் உயிருள்ளதாக இருக்க வேண்டும்.

எனவே நோட்டீஸ் பெற்றவர் முதலில் ஜாமீன் பத்திரத்தின் நகல், கடன் அனுமதிக் கடிதம், கணக்கு விவர அறிக்கை ஆகிய மூன்றையும் வங்கியிடம் எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும். அனுமதித்த வரம்பு எந்த நாளில் மீறப்பட்டது, அதற்குத் தமது சம்மதக் கையெழுத்து உள்ளதா என்பதை அவற்றிலிருந்து அறியலாம். சொந்தச் சொத்தை ஈடாகக் கொடுத்தவருக்கு சர்ஃபாசி சட்டத்தின்கீழ் 60 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் வரும். அக்காலத்துக்குள் ஆட்சேபம் அனுப்பினால், வங்கி 15 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும்.

கடனைச் செலுத்த நேர்ந்தாலும் ஜாமீன்தாரரின் உரிமை முடிவதில்லை. முழுக் கடனையும் தீர்த்தவருக்கு, கடனாளிக்கு எதிராக வங்கிக்கு இருந்த உரிமைகள் 140-ஆவது பிரிவின்படி வந்துசேரும். தாம் முறைப்படி செலுத்திய தொகையை 145-ஆவது பிரிவின்கீழ் கடனாளியிடமிருந்து அவர் வசூலிக்கலாம்.