விமானியின் கண் முன்னே இருக்கும் அந்தத் திரை: வேகம், உயரம், சாய்வு... PFD-ஐ படிப்பது எப்படி?

2013 ஜூலை 6. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் தரையிறங்க வந்துகொண்டிருந்தது ஏசியானா ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானம். உள்ளே 307 பேர். வானம் தெளிவு, என்ஜினிலும் கோளாறு இல்லை. ஆனால் ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கடல் தடுப்புச் சுவரில் விமானத்தின் பின்பகுதி மோதியது. 3 பேர் உயிரிழந்தனர்.

காரணம், விமானத்தின் வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துபோனது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, அந்த வேகக் குறைவு விமானிகளின் கண் முன்னே இருந்த திரையில் தெளிவாகவே தெரிந்துகொண்டிருந்தது. அந்தத் திரையின் பெயர் பிரைமரி ஃபிளைட் டிஸ்ப்ளே, சுருக்கமாக PFD.

இந்தத் திரையில் என்னென்ன இருக்கும்? அதை எப்படிப் படிக்க வேண்டும்? எளிமையாகப் பார்ப்போம்.

திரையில் எது எங்கே இருக்கும்?

பழைய விமானங்களில் வேகத்துக்கு ஒரு கடிகாரம், உயரத்துக்கு ஒரு கடிகாரம் எனத் தனித்தனி முள் கருவிகள் இருந்தன. கிளாஸ் காக்பிட் எனப்படும் நவீன காக்பிட்டில் அவை எல்லாம் ஒரே திரைக்குள் வந்துவிட்டன.

திரையின் நடுவில் நீலமும் பழுப்பும் கலந்த படம் இருக்கும். அதன் இடது பக்கத்தில் வேகத்தைக் காட்டும் செங்குத்துப் பட்டை, வலது பக்கத்தில் உயரத்தைக் காட்டும் பட்டை. இந்தப் பட்டைகளைத்தான் 'டேப்' என்கிறார்கள். கீழே விமானம் எந்தத் திசையில் போகிறது என்பது தெரியும். உச்சியில் ஒரு சின்ன வரிசையில் சில எழுத்துகள் இருக்கும். அவ்ளோதான். போயிங், ஏர்பஸ் இரண்டிலும் இந்த அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

நடுவில் இருக்கும் படம் என்ன சொல்கிறது?

நீலம் வானம், பழுப்பு தரை. இரண்டும் சேரும் கோடுதான் அடிவானம். நடுவில் அசையாமல் நிற்கும் சின்னம் உங்கள் விமானம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கதான். திரையில் அசைவது விமானம் இல்லை, அடிவானம். விமானம் வலது பக்கம் சாய்ந்தால், அடிவானக் கோடு இடது பக்கம் சாய்வது போலத் தெரியும். பேருந்து வளைவில் சாயும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெளியே இருக்கும் சாலை சாய்வது போலத் தெரியுமே, அதே மாதிரிதான். திரையை ஒரு ஜன்னல் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

விமானச் சின்னம் நீலப் பகுதிக்குள் இருந்தால் மூக்கு மேல்நோக்கி இருக்கிறது. எத்தனை டிகிரி என்பதை ஏணிப்படி போல இருக்கும் கோடுகள் சொல்லும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மூக்கு மேலே இருக்கிறது என்பதற்காக விமானம் மேலே ஏறுகிறது என்று அர்த்தம் இல்லை. வேகம் போதாமல் இருந்தால், மூக்கைத் தூக்கிக்கொண்டே விமானம் கீழே இறங்கும். அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைப் பக்கத்தில் இருக்கும் டேப்தான் சொல்லும்.

வேக டேப்: எண்ணை மட்டும் பார்த்தால் போதாது

இடது டேப்பின் நடுவில் ஒரு பெட்டி இருக்கும். அதில் இருப்பதுதான் இப்போதைய வேகம். அளவு நாட் கணக்கில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர். பெட்டி அசையாது, எண்கள்தான் மேலும் கீழும் ஓடும். பெரிய எண்கள் மேலே, சிறிய எண்கள் கீழே.

அந்த எண்ணைத் தவிர இன்னும் மூன்று விஷயங்கள் டேப்பில் இருக்கின்றன.

முதலாவது, விமானி எந்த வேகத்தில் பறக்க நினைக்கிறாரோ அதைக் காட்டும் சின்னக் குறி. இலக்கு வேகம் இதுதான்.

இரண்டாவது, பெட்டியில் இருந்து மேலேயோ கீழேயோ நீளும் ஓர் அம்புக்குறி. இப்படியே போனால் இன்னும் 10 விநாடியில் வேகம் எவ்வளவு இருக்கும் என்பதை அதன் முனை காட்டும். பெட்டியில் 150 இருந்து, அம்பு முனை 140-ஐத் தொட்டால், விநாடிக்கு ஒரு நாட் வீதம் வேகம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, டேப்பின் கீழ்ப்பகுதியில் இருக்கும் எச்சரிக்கைப் பட்டைகள். முதலில் ஆரஞ்சு மஞ்சள் நிறம் வரும். அதற்குள் போனால் விமானத்துக்குப் பாதுகாப்பான இடைவெளி குறைகிறது. அதற்கும் கீழே சிவப்பு. போயிங்கில் வேகம் அந்தச் சிவப்பைத் தொட்டால் விமானியின் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டு தானாகவே கடகடவென அதிரும். காற்று இறக்கையைத் தாங்குவது நின்றுபோகப் போகிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

உயர டேப்: எந்த இடத்திலிருந்து உயரம்?

வலது டேப்பில் உயரம் அடிக் கணக்கில் இருக்கும். பக்கத்திலேயே ஒரு சின்ன அளவுகோல், நிமிடத்துக்கு எத்தனை அடி ஏறுகிறோம் அல்லது இறங்குகிறோம் என்று சொல்லும்.

இந்த உயரம் தரையிலிருந்து அல்ல, பொதுவாகக் கடல் மட்டத்திலிருந்து. அதுவும் நேரடியாக அளக்கப்படுவது இல்லை. வெளியே இருக்கும் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதனால்தான் டேப்பின் கீழே, விமானி பதிவு செய்த அழுத்த மதிப்பும் தெரியும். மிக உயரத்தில் பறக்கும்போது எல்லா விமானங்களும் 1013 என்ற ஒரே மதிப்பை வைத்துக்கொள்ளும். அப்போது திரையில் STD என்று வரும். இறங்கும்போது அந்த விமான நிலையத்தின் அன்றைய அழுத்தத்துக்கு மாற்ற வேண்டும்.

மாற்ற மறந்தால் என்ன ஆகும்? அங்கே உண்மையான அழுத்தம் 1003 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 10. ஒரு அலகுக்குச் சுமார் 28 அடி. அப்படியானால் டேப் 1,000 அடி என்று காட்டும்போது, விமானம் உண்மையில் சுமார் 720 அடியில்தான் இருக்கும். டேப் பழுதாகவில்லை. கொடுத்த எண்தான் தப்பு.

சான் பிரான்சிஸ்கோவில் என்ன நடந்தது?

இப்போது அந்த விமானத்துக்குத் திரும்புவோம். அதற்கான இலக்கு வேகம் 137 நாட். விமானம் 500 அடி உயரத்துக்கு வந்தபோது வேகம் சரியாக 137-ஐத் தொட்டது. பெட்டியில் இருந்த எண்ணை மட்டும் பார்த்தவருக்கு எல்லாம் சரி என்றே தோன்றும்.

ஆனால் அந்த 137 நிலையான 137 இல்லை. அதிக வேகத்தில் இருந்து வேகமாகக் குறைந்து வந்து, அந்த எண்ணைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. என்ஜின்கள் மிகக் குறைந்த விசையில் இருந்தன. விமானம் நிமிடத்துக்கு 1,200 அடி வீதம் இறங்கியது. சரியான பாதையில் இறங்க 700 அடி போதும்.

200 அடிக்கு வந்தபோது வேகம் 120 நாட்டுக்கும் கீழே போய்விட்டது. இடையில் கடந்த நேரம் சுமார் 20 விநாடிதான். அதாவது, விநாடிக்கு ஏறக்குறைய ஒரு நாட் குறைந்திருக்கிறது. இதே வீதத்தில் கணக்குப் போட்டால், 137 என்று எண் காட்டியபோதே அம்பு முனை 127-ஐ நோக்கி இறங்கியிருக்கும். விமானம் கீழே போகாமல் இருக்க மூக்கு மேலும் மேலும் தூக்கப்பட்டது. அதனால் வேகம் இன்னும் குறைந்தது.

மோதுவதற்குச் சுமார் 7 விநாடிகள் முன்புதான் முழு விசை கொடுக்கப்பட்டது. பெரிய என்ஜின்கள் முழு வேகம் எடுக்கச் சில விநாடிகள் ஆகும். வேகம் 103 நாட் வரை இறங்கியது. மணிக்கு 191 கிலோமீட்டர். கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தபோது 4 விநாடிகள்தான் மிச்சம் இருந்தன.

உச்சியில் இருந்த அந்த ஒரு வார்த்தை

சரி, விமானிகள் ஏன் வேகத்தைப் பார்க்கவில்லை? ஆட்டோ த்ராட்டில் என்ற அமைப்பு வேகத்தைத் தானாகவே பிடித்துவைத்திருக்கும் என்று நம்பினார்கள். ஆனால் அதற்குச் சற்று முன்பு, இறங்கும் வழியில் ஒரு வேறு முறையைத் தேர்ந்தெடுத்து, விசைக் கைப்பிடியைக் கையால் கீழே இழுத்தபோது, அந்த அமைப்பு வேகத்தைக் கவனிக்கும் வேலையில் இருந்து விலகிவிட்டது.

அதையும் PFD சொன்னது. திரையின் உச்சி வரிசையில் இடது ஓரத்தில் HOLD என்ற வார்த்தை வந்தது. 'கைப்பிடி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், நான் தொட மாட்டேன்' என்பதுதான் அதன் பொருள். வேகத்தைப் பிடித்துவைத்திருக்கிறேன் என்பது அல்ல.

அமெரிக்க போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014-ல் தந்த முடிவில், வேகத்தைச் சரியாகக் கண்காணிக்காததும், தானியங்கி வேகக் கட்டுப்பாடு எதிர்பாராமல் விலகியதும், தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏறத் தாமதித்ததும் முக்கியக் காரணங்களாகக் குறிப்பிடப்பட்டன.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

கண் எப்போதும் நடுவில் இருந்து தொடங்கும். நடுப்படம், பிறகு வேகம், மறுபடி நடுப்படம், பிறகு உயரம், மறுபடி நடுப்படம், பிறகு திசை. சக்கரத்தின் அச்சில் இருந்து ஒவ்வொரு ஆரமாகப் போய்வருவது போல. ஏதாவது முறையை மாற்றினால் உச்சி வரிசையைப் படித்து உறுதி செய்ய வேண்டும். போயிங்கில் புதிய முறை வந்தால் அந்த வார்த்தையைச் சுற்றி 10 விநாடிக்கு ஒரு கட்டம் தெரியும்.

ஒவ்வொரு டேப்பிலும் இரண்டு கேள்விகள். எண் என்ன? அது எந்தப் பக்கம் போகிறது? பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவும் வேண்டும். மூக்கு மேலே, வேகம் குறைகிறது, உயரமும் குறைகிறது என்றால் விசை போதவில்லை.

திரையே தப்பாகக் காட்டினால்?

அதுவும் நடக்கும். வேகத்தை அளப்பது விமானத்தின் வெளியே இருக்கும் பிட்டோ குழாய். அது பனியாலோ பூச்சிக்கூட்டாலோ அடைபட்டால் டேப்பில் வரும் எண் பொய்யாகிவிடும். அதனால்தான் இரண்டு விமானிகளுக்கும் தனித்தனி PFD, நடுவில் ஒரு மாற்றுக் கருவி என மூன்று இடங்களில் வேகம் தெரியும். போயிங்கில் இரு திரைகளும் முரண்பட்டால் IAS DISAGREE என்ற எச்சரிக்கை வரும். அப்போது விமானி வேக டேப்பை விட்டுவிட்டு, நடுப்படத்தில் மூக்கின் கோணத்தையும் என்ஜின் விசையையும் கையேட்டில் சொன்ன அளவில் வைத்துப் பறப்பார்.

அடுத்த முறை யூடியூபில் காக்பிட் வீடியோ பார்த்தால், இடது டேப்பில் இருக்கும் அந்தச் சின்ன அம்பைத் தேடிப் பாருங்கள். விமானம் இறங்கும் கடைசி நிமிடத்தில் அது ஏறக்குறைய காணாமல் போயிருந்தால், வேகம் நிலையாக இருக்கிறது என்று அர்த்தம்.